வேலி சமம், நிலம் சமமில்லை

திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த ஒரு கணக்கை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் மறைத்தேன். அதனால் நட்டப்பட்டவள் என் தங்கை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கம் தீவில் அப்பா வைத்துவிட்டுப் போனவை இரண்டு துண்டு நிலங்கள். ரோட்டோரத் துண்டு 100 அடிக்கு 100 அடி. வாய்க்கால் ஓரத் துண்டு 160 அடி நீளம், 40 அடி அகலம். இரண்டும் கூட்டுப் பட்டாவில் இருந்ததால் பெரியப்பா முன்னிலையில் வாய்மொழியாகத்தான் பாகம் பிரித்தோம். சுற்றிலும் நடந்து அளந்தார்கள். இரண்டுக்கும் சுற்றளவு 400 அடி. பத்தடிக்கு ஒரு கல்தூண் என்று இரண்டுக்கும் நாற்பது தூண், முள்கம்பியும் அதே நீளம். “வேலி ஒண்ணுன்னா பங்கும் ஒண்ணுதானே அண்ணே, ரோட்டோரம் நீயே வச்சுக்க” என்றாள் தங்கை. நான் தலையாட்டினேன்.

அந்த நிமிஷம் என் மனசில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். சதுரத்தின் அகலத்தில் 10 அடியைக் குறைத்தால் 10 × 100, அதாவது 1,000 சதுர அடி போகும். சுற்றளவு மாறாமலிருக்க நீளத்தில் 10 அடி கூட்ட வேண்டும். ஆனால் கூட்டுகிற இடத்தில் அகலம் இப்போது 90தான். திரும்பி வருவது 900. நூறு சதுர அடி நட்டம், அதாவது 10 × 10. சதுரத்திலிருந்து எத்தனை அடி விலகுகிறோமோ, அதன் வர்க்கம் அப்படியே பரப்பில் குறையும். எந்தப் பக்கம் விலகினாலும் குறைவுதான், கூடவே கூடாது. செவ்வகங்களில் சதுரமே அதிகம் வளைக்கும் என்பதற்கு இதற்கு மேல் நிரூபணம் தேவையில்லை. தங்கையின் துண்டு 60 அடி விலகியது. 60 × 60, 3,600 சதுர அடி. எனக்கு 10,000, அவளுக்கு 6,400.

இதைப் பிள்ளைகளுக்கு ரங்கநாதர் கோயில் மதிலை வைத்தே நடத்தியிருக்கிறேன். வெளிமதிலுக்குப் பழைய நூல்கள் தரும் அளவு 2,880 அடிக்கு 2,475 அடி. சுற்றளவு 10,710 அடி. அதே சுற்றளவில் சதுரமாகக் கட்டியிருந்தால் ஒரு பக்கம் 2,677½ அடி. கோயில் அதிலிருந்து விலகியது 202½ அடி. அதை வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 41,000 சதுர அடி, ஒரு ஏக்கர்கூட இல்லை. மதிலுக்குள் இருப்பதோ 160 ஏக்கருக்கு மேல். கண்ணுக்கு நன்றாகவே நீண்டு தெரிகிற செவ்வகம், இழந்ததோ நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. கொஞ்சம் விலகினால் ஒன்றும் குடிமுழுகாது, நிறைய விலகினால் மளமளவென்று போய்விடும் என்பதுதான் வர்க்கத்தின் குணம். என் தங்கைக்குப் போனது சதுரத்தில் நூற்றுக்கு 36 பங்கு. வகுப்பில் இந்த வித்தியாசத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய அதே ஆள்தான் பெரியப்பா முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு வாய்க்கால் முகப்பு 160 அடி இருக்கிறது, தண்ணீருக்குக் கவலையில்லை என்று. ஒரு பக்கம் வாய்க்காலே வேலியாக இருந்தால் கணக்கு மாறும் என்பதும் உண்மைதான். மூன்று பக்கம் மட்டும் அடைக்க 400 அடி கம்பி இருந்தால், சதுரத்தைவிட வாய்க்காலை ஒட்டி 200 அடி, உள்ளே 100 அடி என்று போடுவதே அதிகம் வளைக்கும். ஆனால் நாங்கள் நாலு பக்கமும் வேலி போட்டோம். அந்தச் சமாதானம் எங்கள் நிலத்துக்குப் பொருந்தாது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆறடிக்கு ஆறடி வாழை வைத்தால் ஒரு கன்றுக்கு 36 சதுர அடி. 3,600 சதுர அடி என்றால் நூறு வாழை. ஒவ்வொரு நடவிலும் அவளைவிட நூறு தார் கூடுதலாக வெட்டி வண்டியேற்றினேன். “உங்க மண்ணு நல்ல மண்ணு, மச்சான்” என்று அவள் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார். அதற்கும் சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது உட்பிரிவு செய்யப் போகிறோம். சர்வேயர் சங்கிலி போட்டுக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க எனக்கு மனசில்லை. போன வாரம் தங்கையை உட்காரவைத்து, 10 அடிக் கணக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் தாளில் போட்டுக் காட்டினேன். என் துண்டின் தெற்கு ஓரத்தில் 18 அடி அகலத்துக்கு அவள் பெயரில் எழுதினால் இருவருக்கும் 8,200 சதுர அடி ஆகிவிடும். அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் தாளை வெகுநேரம் பார்த்தாள். “அன்னைக்கே தெரியுமா அண்ணே?” என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். இத்தனை வருஷம் நான் வெட்டிய தார்களுக்கு என்ன ஈடு என்பதை இன்னும் பேசி முடிக்கவில்லை.