பன்னிரண்டு வேலைகள்

மூன்றாந் தரத்து வகுப்பறையில் தும்புத்தடியை எடுப்பவர் யார்? தர்மபுரத்தில் அவ்வகுப்பை ஒரு தவணைக்கு ஏற்க நேர்ந்தபோது நாம் முதலிற் கவனித்தது இதனையே. பெண்பிள்ளைகளே கூட்டினர், அவர்களுள்ளும், 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பேத்திமார் சிலரே நாள்தோறும் கூட்டினர். தலைவன் பதவியோ எப்போதும் முன்வாங்குப் பையனுக்கு. இவ்வாறு செய்க என்று யாரும் கட்டளையிட்டதில்லை.

எனவே நாம் ஒரு வேலை அட்டவணை வகுத்தோம். எட்டு வயதுப் பிள்ளைகள் இருபத்துநால்வர். காலை மணி முதல் வீட்டு மணி வரை ஒரு நாளைத் தொடர்ந்து நோக்கி, இன்று செய்யாது விட்டால் இன்றே ஒருவருக்குக் குறை தெரியும் வேலைகளை மட்டும் குறித்தோம். பன்னிரண்டு தேறின. மதிய உணவுக்குத் தலை எண்ணுதல், குடிதண்ணீர்ப் பானையைக் கழுவி மூடிவைத்தல், சோளகக் காற்றில் மேசைகளிற் படியும் தூசு துடைத்தல், குரங்கு புகாதபடி யன்னல்களைச் சாத்துதல், வராத பிள்ளைக்குப் பாடக் குறிப்பு எழுதிவைத்தல் முதலியன அவை. கூட்டுதலும் அவற்றுள் ஒன்று, ஒன்று மட்டுமே. பேசுவோர் பெயரைப் பலகையில் எழுதும் வேலையை நீக்கினோம். அது பிள்ளையைக் காவற்காரனாக்கும். கிணற்றடியும் கழிவறையும் அவ்வயதுக்கு உரியனவல்ல.

ஒவ்வொரு வேலைக்கும் இரு இடங்கள்: கற்பவர், பொறுப்பாளர். திங்கட்கிழமைதோறும் பெயரட்டைகள் ஓரிடம் நகரும். கற்றவர் பொறுப்பாளராவார், பொறுப்பாளர் அடுத்த வேலையிற் கற்பவராவார். ஆகவே, முந்திய வாரம் அவ்வேலையைக் கற்ற பிள்ளையே புதியவருக்குக் கற்பிக்கும். இருபத்துநான்கு வாரங்களில் எல்லாரும் எல்லாவற்றையும் செய்துமுடிப்பர். 1920இல் உக்ரைனில் அநாதைச் சிறுவர் குடியிருப்பொன்றைத் தொடங்கிய மக்கரென்கோவும் தற்காலிக வேலைக்குழுக்களை அமைத்து, அவற்றின் தலைமையை மாற்றிக்கொண்டே இருந்தார். நேற்றைய தலைவன் இன்று மற்றொருவன் சொற்படி மண்வெட்டி எடுத்தான்.

அட்டவணை பொய்யாவது பெரும்பாலும் ஆசிரியர் கையால். பிள்ளை மறந்ததை அவர் ஓசையின்றிச் செய்துவிடுவார். அன்றோடு அந்த வேலை வெறும் பெயராகும். ஒருநாள் உணவுக்கணக்கு எடுத்த சிறுமி, பிந்தி வந்த ஒருவனை விட்டுவிட்டாள். நாம் திருத்தவில்லை. சமையற்கட்டு அம்மா வந்து, “ஒரு கோப்பை குறையுது பிள்ளை” என்றார். பானையில் மிஞ்சிய சோற்றால் அவனுக்கும் கிடைத்தது. மறுநாள் அச்சிறுமியே விதி செய்தாள்: இரண்டாம் மணிக்குப் பின்னரே எண்ணுவது, பிந்தி வருபவர் முதலில் அவளிடம் வந்து சொல்லவேண்டும். அவ்விதி இன்னும் இருக்கிறது.

அறுவடைக் காலத்திற் சில பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவர். அப்போது அவர்களின் அட்டையைத் திருப்பி வைப்போம், எடுப்பதில்லை. இணையாளர் இரண்டையும் பார்த்துக்கொள்வார். திரும்பி வந்த பிள்ளை, தன் அட்டையைத் தானே நிமிர்த்திவிட்டு வேலைக்குப் போகும்.