போலீஸ்காரர் கை யாருக்கு?

எல்எல்ஆர் டெஸ்ட்டுக்குப் படிக்கும்போது போக்குவரத்துக் காவலரின் கை சைகைகள்னு ஒரு பக்கம் வரும். பத்து, பன்னிரண்டு குட்டிப் படங்கள். எல்லாத்துலயும் ஒரே தொப்பி, ஒரே விறைப்பு, கை மட்டும் வேற வேற இடத்துல. நம்மில் பலர் அதைப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஃபார்முலா மாதிரி மனப்பாடம் செஞ்சிருப்போம். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே மறந்தும் போயிருப்போம். மறந்ததுல ஆச்சரியம் இல்லை. ஏன்னா அந்தப் படங்கள் எல்லாமே காவலரை முன்பக்கம் இருந்து வரைஞ்சவை. ரோட்டுல அவர் பல நேரம் உங்களுக்கு முதுகைத்தான் காட்டிக்கிட்டு நிப்பார்.

மனப்பாடம் வேண்டாம். ஒரு இடத்தை எடுத்துக்கிட்டு யோசிச்சுப் பார்ப்போம். கோவில்பட்டி மெயின் ரோடு, அதுல இருந்து கிழக்கே பிரியுற எட்டயபுரம் ரோடு. ஒரு தாள்ல வடக்கு தெற்கா ஒரு கோடு போடுங்க. நடுவுல இருந்து கிழக்கே இன்னொரு கோடு. தெற்குன்னா இடைசெவல், திருநெல்வேலிப் பக்கம். வடக்குன்னா சாத்தூர்ப் பக்கம். ரெண்டு கோடும் சேர்ற இடத்துல ஒரு காவலரை நிறுத்துங்க. சிக்னல் லைட் இல்லைன்னு வச்சுக்குவோம். அவர் வடக்கே பார்த்து நிக்கிறார்.

இப்போ சாத்தூர்ல இருந்து வர்ற வண்டிகள் அவருக்கு எதிரே வருது. நம்ம நாட்டுல இடது பக்கம் ஓட்டுறோம். அதனால அந்த வண்டிகள் சாலையோட கிழக்குப் பாதியில வரும், அதாவது காவலரோட வலது கைப் பக்கம். அவங்களை நிறுத்தணும்னா வலது கையை நேரா மேலே தூக்கி, உள்ளங்கையை அவங்களுக்குக் காட்டுவார். இது எல்லாருக்கும் புரியும். கிளாஸ்ல லீடர் கையைத் தூக்கினா எப்படிப் புரியுமோ அப்படி.

குழப்பம் அவருக்குப் பின்னாடி இருந்து வர்றவங்களுக்குத்தான். இடைசெவல்ல இருந்து ஒரு பைக் வருதுன்னு வைங்க. அது சாலையோட மேற்குப் பாதியில வரும். வடக்கே பார்த்து நிக்கிற காவலருக்கு அது இடது கைப் பக்கம். பின்னால வர்றவங்களை நிறுத்த அவர் இடது கையைத் தோள் உயரத்துல பக்கவாட்டுல நேரா நீட்டுவார். அந்தக் கை பைக்காரர் வர்ற பாதைக்குக் குறுக்கே நிக்குது. ரயில்வே கேட் போட்ட மாதிரி. சைகையோட முழு அர்த்தமும் அவ்வளவுதான்: எந்தப் பக்கம் வண்டி வருதோ அந்தப் பக்கத்துக் கையால அடைக்கிறார். எதிரே வர்றவங்க வலப்பக்கம், அதனால வலது கை. பின்னால வர்றவங்க இடப்பக்கம், அதனால இடது கை. ரெண்டு பக்கமும் நிக்கணும்னா வலது கை மேலே, இடது கை பக்கவாட்டுல, ரெண்டும் ஒரே நேரத்துல.

இந்த நீட்டின இடது கையைத்தான் நிறைய பேர் தப்பா படிக்கிறாங்க. பின்னால இருந்து பார்த்தா அது உங்க இடது பக்கம் நீண்டு இருக்கும். 'இப்படிப் போ'ன்னு வழி காட்டுற மாதிரி தெரியும். கல்யாண மண்டப வாசல்ல நிக்கிறவர் 'பந்தி அந்தப் பக்கம்'னு கை காட்டுவாரே, அதே கோணம். பழக்கம் நம்மை அப்படிப் படிக்க வைக்குது. எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது? கை அசையுதா பாருங்க. நிறுத்தற கை அசையாது. போகச் சொல்ற கை அசையும்: முழங்கை மடங்கும், முன்கை வீசும். வலப்பக்கம் இருந்து வர்றவங்களை அழைக்கணும்னா முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, வலது கையை நீட்டி, முன்கையைத் தன்னை நோக்கி மடக்குவார். இடப்பக்கம்னா இடது கை. அசையாத கை கேட், அசையுற கை அழைப்பு. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதிப் படங்கள் தேவையில்லை.

இனி கஷ்டமான விஷயம், வலது திருப்பம். இடைசெவல்ல இருந்து வர்ற ஒரு மினி லாரி எட்டயபுரம் ரோட்டுக்குத் திரும்பணும். இடது பக்கம் ஓட்டுற நாட்டுல வலது பக்கம் திரும்புறவர் எதிரே வர்றவங்க பாதையை வெட்டிக்கிட்டுத்தான் போகணும். அதனால காவலர் ரெண்டு வேலை செய்யணும். சாத்தூர்ப் பக்கத்தை மூடணும், லாரியைத் திறந்து விடணும். அவர் கிழக்கே திரும்பி நிக்கிறார்னு வைங்க. இப்போ வடக்கு அவருக்கு இடப்பக்கம், தெற்கு வலப்பக்கம். இடது கை நீட்டி, உள்ளங்கை சாத்தூர் வண்டிகளைப் பார்த்தபடி அசையாம நிக்கும். வலது கை லாரியைக் கூப்பிட்டு, அப்படியே எட்டயபுரம் பக்கம் வீசிக் காட்டும். எட்டயபுரத்துல இருந்து வர்றவங்களுக்கு அவர் நெஞ்சு தெரியுது, அவங்களும் நிக்கணும். இதுல ஆபத்து எங்கேன்னா, லாரிக்குப் பின்னாடி நேரே சாத்தூர் போற பைக்காரர் 'திரும்புறவருக்குத்தான் கை காட்டுறார், நமக்கும் சேர்த்தா?'ன்னு முழிப்பார். லாரி மெதுவாத் திரும்பும்போது இடது பக்கமா முந்தப் பார்ப்பார். அந்த நேரத்துல காவலர் கண் எங்கே இருக்குன்னு பார்க்கிறதுதான் ஒரே வழி. உங்க கண்ணைப் பார்த்துக் கை அசைச்சா உங்களுக்கு. இல்லைன்னா இல்லை.

ஒரு நியாயமான கேள்வி வரும். முதுகு காட்டி நிக்கிறவர் வலது கையை மட்டும் மேலே தூக்கியிருந்தா, பின்னால வர்ற நான் போகலாமா? மேலே சொன்ன கணக்குப்படி அது எதிரே வர்றவங்களுக்கான கை. ஆனா 1968 வியன்னா உடன்படிக்கையில நேரா மேலே தூக்கின கை எல்லாருக்குமான நிறுத்தம். பாதுகாப்பா நிறுத்த முடியாத அளவுக்குக் கிட்ட வந்துட்டவங்களும், சந்திப்புக்குள்ள ஏற்கெனவே நுழைஞ்சவங்களும் மட்டும் விலக்கு. உடன்படிக்கையும் நம்ம படமும் இந்த ஒரு இடத்துல ஒத்துப் போகலை. என் கருத்து: முதுகும் தூக்கின கையும் தெரிஞ்சா வேகத்தைக் குறைச்சு, அவர் திரும்பிக் கூப்பிடுறவரை காத்திருக்கிறதே நல்லது. பத்து செகண்ட் போகும், அவ்வளவுதான்.

சிக்னல் லைட் இருக்கிற இடத்துல லைட் பச்சை, காவலர் கை 'நில்'னா? கைதான் ஜெயிக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 119-வது பிரிவு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்துற காவலர் சொல்றபடி நடக்கணும்னு சொல்லுது. லைட்டுக்கு ஆம்புலன்ஸ் வர்றதும் தெரியாது, தேர் இழுக்கிறதும் தெரியாது.

இந்தப் பாஷைக்கு ஒரு எல்லை உண்டு, அது வேகம். 30 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு சுமார் 8 மீட்டர் போகும். கையைப் பார்த்து, புரிஞ்சு, பிரேக் போட ஒரு செகண்ட் தாமதிச்சாலும் ஒரு பஸ் நீளம் கூட ஆகாது. ஊருக்குள்ள இது போதும். இடைசெவல் பக்கம் நாலுவழிச்சாலையில 80-ல வர்றவருக்கு அதே ஒரு செகண்ட் 22 மீட்டர். தூரத்துல இருந்து பார்த்தா தூக்கின கையும் தொப்பியும் ஒண்ணாத்தான் தெரியும். அங்கே கை மட்டும் போதாதுன்னுதான் பேரிகார்டை வளைச்சு வளைச்சு வச்சு முதல்ல வேகத்தைக் குறைக்க வைக்கிறாங்க, அப்புறம்தான் கை. ராத்திரியில கைக்குப் பதிலா சிவப்பு ஒளி வீசுற தடியைப் பிடிச்சிருப்பாங்க. அதுல உள்ளங்கை எந்தப் பக்கம்னு தெரியாது. அது யாருக்குன்னு யோசிக்காம பிரேக்ல காலை வைங்க.