யாருக்கு ஆட்சேபணை இல்லை?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான்கு வருஷமாக சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். சட்டைப் பையில் அந்தக் கம்பெனியின் லோகோ தைத்திருக்கும். கேன்டீன் சாப்பாடும் அவர்களுடையதுதான். ஆனாலும் என் முதலாளி யார் என்ற கேள்வி, மேலே படிக்கலாம் என்று முடிவு செய்த பிறகுதான் வந்தது.

டிப்ளமோ முடித்தவர்கள் வேலையை விடாமல் பி.இ. படிக்க வழி இருக்கிறது. 2023-ல் ஏஐசிடிஇ, வேலை பார்ப்பவர்களுக்கென்று வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒரு நிபந்தனை, வேலை பார்க்கும் இடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதைக் கல்லூரி நம்புவது, வேலை கொடுத்தவர் தரும் தடையில்லாச் சான்றை வைத்து. நம்ம ஊர் பேச்சில் என்ஓசி.

ஹெச்ஆர் சாரிடம் போய்க் கேட்டேன். "படிக்கிறது நல்லதுதான்பா. ஆனா லெட்டர் நாங்க தர முடியாது. நீ எங்க ரோல்ல இல்லையே" என்றார்.

அன்று இரவு பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு உறுப்பினர் எண்ணுக்கும் பணம் கட்டிய நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். யார் ரோலில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி இல்லை. என் பாஸ்புக்கில் மூன்று பெயர்கள். கம்பெனி கான்ட்ராக்டரை மாற்றும்போதெல்லாம் நானும் 'புதிதாக' வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மெஷின் மட்டும் மாறவில்லை.

இப்போதைய கான்ட்ராக்டர் உடனே எழுதிக் கொடுத்தார். "இவர் எங்கள் ஊழியர், படிக்க ஆட்சேபணை இல்லை." இரண்டே வரி. லெட்டர்ஹெட்டில் இருந்தது அவருடைய கோயம்புத்தூர் முகவரி. கல்லூரி கவுன்ட்டரில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "தம்பி, நீங்க கோயம்புத்தூர்லயா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆள் அம்பத்தூரில் இருப்பதை அந்தத் தாள் எங்கேயும் சொல்லவில்லை.

ஆக, நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதைச் சொல்லக்கூடியவர் ஹெச்ஆர் சார்தான். அவர் மறுத்ததற்குக் காரணம் வன்மம் இல்லை, பயம். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-ல் வந்தது. கான்ட்ராக்ட் என்பது வெறும் திரை என்று நிரூபணமானால், அந்தத் தொழிலாளர்களைக் கம்பெனியின் ஆட்களாகவே கருத வேண்டும் என்று 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் "எங்கள் ஊழியர்" என்று இரண்டு சொல் விழுந்தால், நாளைக்கு அது கோர்ட்டில் சாட்சியாக வந்து நிற்கலாம். என் படிப்பு அவருக்குப் பிரச்சினையே இல்லை, அந்த இரண்டு சொற்கள்தான் பிரச்சினை.

அதனால் அந்தச் சொற்கள் இல்லாமல் நானே ஒரு வாசகம் எழுதிக் கொண்டுபோனேன். இவர் இன்ன ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர், அந்த நிறுவனத்தின் மூலம் எங்கள் அம்பத்தூர் ஆலையில் இன்ன தேதியிலிருந்து பணிபுரிகிறார், அவ்வளவுதான். ஆட்சேபணை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவர் கான்ட்ராக்டர். ஹெச்ஆர் சார் இரண்டு தடவை படித்தார். "இது பரவால்ல" என்று சீல் வைத்தார்.

இன்னும் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. வகுப்பு மாலையில். எங்கள் இரண்டாம் ஷிப்ட் மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 வரை. படிக்க ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிட்டு அந்த ஷிப்ட் போட்டால், லெட்டரை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஷிப்ட் போடுவது சூப்பர்வைசர் அண்ணன். அவரிடம் வெறும் கையோடு போகவில்லை. பக்கத்து மெஷின் பையனுக்குக் காலையில் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும், இரண்டாம் ஷிப்ட்தான் அவனுக்கு வசதி. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். "டிஸ்பாட்ச் நெருக்கினா பாத்துக்க முடியாதுடா" என்று சொல்லித்தான் அண்ணன் ஒத்துக்கொண்டார். கான்ட்ராக்டரின் புதுக் கடிதத்தில் ஆலை முகவரியோடு, "வகுப்பு நாள்களில் இரண்டாம் ஷிப்ட் தவிர்க்கப்படும்" என்ற வரியும் ஏறியது.

இரண்டு தாள்களையும் ஒன்றாகப் பின் செய்து கொடுத்தேன். கவுன்ட்டர் அம்மா வாங்கிக்கொண்டார்.

இப்போது மூன்றாவது செமஸ்டர். கான்ட்ராக்டை மறுபடி மாற்றப்போவதாக ஷாப் ஃப்ளோரில் பேச்சு. பாஸ்புக்கில் நான்காவது பெயர் ஏறும் நாளில், பழைய கான்ட்ராக்டர் கொடுத்த ஷிப்ட் வரி புதியவரைக் கட்டுப்படுத்தாது. பழையவர் ஆபீஸைக் காலி செய்வதற்குள் அவரிடம் சர்வீஸ் சர்டிபிகேட் வாங்கி வைக்க வேண்டும். புதியவரிடம், முதல் சம்பளத்துக்கு முன்பே அந்த வரியைக் கேட்க வேண்டும்.