கல்குழியில தண்ணி நிப்பாட்டலாமா?

பதுளையில எங்க தோட்டத்து லயத்துக்குக் கீழே கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. அதைக் குளமாக்கி, கோடையில் அந்தத் தண்ணியில் கோவாவும் லீக்ஸும் போடலாம் என்று நாங்க கதைத்துக்கொண்டிருந்தோம். மழைத் தண்ணி சும்மாதானே நிக்குது?

அடியில் இருக்கிற கருங்கல்லால் பயமில்லை. விளிம்புக்கு மேலே கிடக்கிற மண்தான் பயம். கல் உடைத்தபோது அந்த மண்ணுக்கு முட்டுக்கொடுத்த அடி போய்விட்டது. குளம் நிறைந்தால் கரை ஊறும், ஆனால் குளத்துத் தண்ணியே கரையைத் தாங்கியும் நிக்கும். மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்தால் அந்தத் தாங்கல் போயிரும். மண்ணுக்குள் ஊறினது அவ்வளவு சீக்கிரம் வடியாது. அந்தப் பாரத்தோடு கரை சரியும். நிரப்பும்போதும் ஆபத்துதான். ஜெர்மனியின் நாக்டர்ஸ்டெட்டில் பழைய நிலக்கரிக் குழியை ஏரியாக்கும்போது, 2009 ஜூலை 18 அன்று கரை சரிந்து, வீடுகளோடு மூன்று பேர் போனார்கள்.

மீரியபெத்தயைப் பார்த்த ஆட்கள் நாங்க. 2014 ஒக்டோபர் 29. அது குவாரி இல்லைதான், ஆனா மழையில் ஊறின மலைச்சரிவு என்ன செய்யும் என்று தெரியும்.

அதனால் முதலில் விளிம்புக்கு மேலே ஏறிப் பார்த்தோம். புல்லுக்குள்ளே பிறை மாதிரி ஒரு வெடிப்பு. இரண்டு பக்கமும் குச்சி அடித்து இடைவெளியை அளந்தோம். மூன்று கிழமையில் ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. மோட்டாருக்குச் சேர்த்த காசில் இப்போ வெடிப்புக்கு மேலே கான் வெட்டுகிறோம், மழைத் தண்ணி அதற்குள் இறங்காமல் இருக்க. லயத்து ஆட்களுக்கும் சொல்லிவிட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கடிதம் போயிருக்கிறது.