கட்டிப்பிடி வைத்தியமும் நானும்

2004-ல் வந்த வசூல்ராஜா எம்.பி.பி.எஸ். படத்தில் கமல் பார்க்கிற ஆளுக்கெல்லாம் 'கட்டிப்பிடி வைத்தியம்' பார்ப்பார். எனக்கோ அந்த வைத்தியம்தான் வியாதியே! யாராவது கட்டிப்பிடித்தால் உடம்பு விறைத்துப் போகும். ஆளைப் பிடிக்காமல் இல்லைங்க, தொடுவதுதான் பிடிக்காது.

பி.காம். முதல் வருஷம். லீவு முடிந்து பொத்தேரி ஸ்டேஷனில் இறங்குகிறேன். பிளாட்பாரத்தில் கையை விரித்துக்கொண்டு நண்பன் ஓடி வருகிறான். நான் வாயே திறக்காமல் ஒரு எட்டு பின்னால் போய்விட்டேன். அவன் கை அந்தரத்தில் நிற்க, கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இதே கூத்து பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2017 ஜூனில் வாஷிங்டனில், பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்டிடம் பாடகி கேஷா வந்து கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். மனுஷர் வேண்டாம் என்று நகர்ந்துகொண்டார். அவர் மறுபடி கேட்டும் அதே பதில்தான். அந்த வீடியோ உலகம் பூராவும் ஓடியது. தொட வேண்டாம் என்பது அவர் உரிமை, அதில் தப்பில்லை. ஆனால் பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை பாருங்கள், அங்கேதான் இரண்டு பேருமே இடித்தோம். நீட்டிய கை வெறுங்கையாகத் திரும்புவதுதான் அவமானம்.

அதனால் இப்போதெல்லாம் நான் முந்திக்கொள்கிறேன். ஆள் ஏழெட்டு அடி தள்ளி வரும்போதே நின்றுவிடுவேன். பின்னால் போகக் கூடாது, அதுதான் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். நின்ற இடத்திலிருந்தே சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே கையை நீட்டிவிடுவேன். கை குலுக்கவும் பிடிக்காதவர்கள் வணக்கம் வைக்கலாம். விரித்த கை பாதி வழியிலேயே குலுக்கலாக மாறிவிடும்.

அதையும் மீறி வந்தால், "எனக்குக் கட்டிப்பிடிச்சா ஒரு மாதிரி ஆயிடும் மச்சி, யாரா இருந்தாலும் அப்படித்தான். வா, டீ சாப்பிடலாம்." இதில் 'யாரா இருந்தாலும்' ரொம்ப முக்கியம். அவனை மட்டும் ஒதுக்கவில்லை என்று புரிந்துவிடும். அதே காரணத்துக்காக, ஒருத்தரைக் கட்டிக்கொண்டு அடுத்தவரிடம் மறுக்கவும் கூடாது.

ஜலதோஷம் என்று பொய் சொல்லியும் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் "சரியாயிடுச்சாடா?" என்று டபுளாக வந்து அமுக்கினான்!

பின்னாலிருந்து வந்து கட்டிக்கொள்பவர்களுக்கு இந்த வித்தை எதுவும் பலிக்காது. அவர்களிடம் அப்புறமாகத் தனியாகச் சொல்லிவிடுவதுதான் வழி. நாலு பேர் முன்னால் வேண்டாம்.

அந்தப் பிளாட்பாரத்து நண்பனிடமும் தனியாகத்தான் சொன்னேன். "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா" என்றான். இப்போது தூரத்தில் பார்த்ததும் அவனே கும்பிடு போடுகிறான், கட்சித் தலைவர் மாதிரி!