நசுங்கிய பொதியும் ஒரு முறைப்பாட்டுக் கடிதமும்

எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவரின் உம்மா கடந்த வாரம் வட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கீழே ஒரே வரி: "சேர், கூரியர்காரங்களுக்கு முறைப்பாடு எழுதித் தாங்க."

வீட்டில் கேக் செய்து விற்பவர் அவர். கொழும்புக் கடையொன்றிலிருந்து 28,500 ரூபாவுக்குக் கேக் பீட்டர் எடுத்திருந்தார். போட்டோவில் பெட்டியின் ஒரு மூலை உள்ளே போயிருந்தது, பீட்டரின் கழுத்து முறிந்திருந்தது.

நாங்கள் உடனே எழுதவில்லை. அந்தப் போட்டோ உடைவைக் காட்டியதே தவிர, அது எந்தப் பொதி, எப்போது வந்தது என்று காட்டவில்லை. கூரியர் கம்பெனிகள் வழமையாகச் சொல்லும் பதில், "பெக்கிங் சரியில்லை, அனுப்பியவர் பிழை" என்பதுதான். அதனால் இன்னும் மூன்று போட்டோ கேட்டோம்: பில் நம்பர் தெரியும் லேபல், நசுங்கிய மூலை கிட்டத்தில், உள்ளே இருந்த ரெஜிபோம். ரெஜிபோமும் அதே மூலையில்தான் வெடித்திருந்தது. உள்ளே பெக்கிங் இருந்தது, அடி வெளியிலிருந்து விழுந்தது என்பதை அந்தப் படமே சொன்னது.

பிறகு பாடசாலை விட்டதும் உட்கார்ந்து எழுதினோம்:

"மேற்படி இலக்கப் பொதி 14ஆம் திகதி பி.ப. 3 மணியளவில் கிடைத்தது. பெட்டியின் வலப்பக்கக் கீழ் மூலை நசுங்கியிருந்தது. அதே மூலையில் ரெஜிபோம் உடைந்து, இயந்திரத்தின் கழுத்து முறிந்துள்ளது. படங்கள் நான்கும், 28,500 ரூபாவுக்கான பற்றுச்சீட்டின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன. பெட்டியும் பொருளும் உங்கள் பரிசோதனைக்காக அப்படியே வைக்கப்பட்டுள்ளன. முழுப் பெறுமதியையும் 14 நாட்களுக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"தூக்கி எறிந்தீர்கள்" என்று எழுதச் சொன்னார் அவர். நாங்கள் சேர்க்கவில்லை. யாரும் கண்ணால் காணாததை எழுதினால், கம்பெனி அந்த ஒரு வரியை மறுத்துவிட்டு மற்றதையும் தள்ளிவிடும்.

பிரதியொன்றைக் கடைக்கும் அனுப்பினோம். கூரியருக்குக் காசு கட்டி ஒப்பந்தம் செய்தது கடைதான். பில்லின் பின்பக்கத்தில் "நஷ்டஈடு இவ்வளவுதான்" என்று சின்ன எழுத்தில் ஒரு எல்லை போட்டிருப்பார்கள். அதைக் காட்டிக் கம்பெனி கையை விரித்தாலும், நல்ல நிலையில் பொருளைத் தர வேண்டிய பொறுப்பைக் கடையிடம் கேட்கலாம். நடந்ததும் அதுதான். கம்பெனி இன்னும் "விசாரிக்கிறோம்" என்கிறது. கடைக்காரர் கடிதத்தைப் பார்த்து, வேறு பீட்டர் அனுப்பச் சம்மதித்துவிட்டார்.

இரு பக்கமும் மறுத்திருந்தால் அதே கடிதத்தையும் படங்களையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம்.

பொதி எடுக்கும் சகோதரிகளே, பெட்டி நசுங்கி வந்தால் கையொப்பம் வைக்கும் தாளிலேயே "பெட்டி நசுங்கியுள்ளது" என்று எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். திறக்க முன் ஒரு போட்டோ எடுங்கள். முடிவு வரும் வரை பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள்.