ஆப்பு அசைந்த ஞாயிற்றுக்கிழமை



போன கிழமை பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் கதைத்தாள். அவளுடைய மகன் இந்த முறை உயர்தரம் எடுக்கிறான். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, கடந்தகால வினாத்தாளில் ஆளுக்கொரு கணக்கைச் செய்து மற்றவர்களுக்குப் படிப்பிக்கிறார்களாம். "ஆனா சேர், தன்ர கணக்கு மட்டும்தான் அவனுக்கு வருது. மற்றவை சொல்லித் தந்தது ஒண்டும் நிக்குதில்லை. உங்கட விறாந்தையில நாங்கள் செய்த மாதிரி ஒருக்கா எழுதிவிடுங்கோவன்" என்றாள். எழுதுகிறேன் என்றதும், "என்ர பெயரைப் போட்டிடாதேங்கோ" என்றும் சொன்னாள். போடவில்லை.

1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஜாம் போத்தல் விளக்கில்தான் எல்லோரும் படித்தீர்கள். என்னிடம் பிரயோக கணித வினாத்தாள் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு பிரதிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொக்குவில் வீட்டு விறாந்தைக்கு ஐந்து பேர் வருவார்கள். கணக்குகளைப் பங்கிட்டுக் கொடுத்ததற்குப் பெரிய கல்வித் தத்துவம் ஒன்றும் காரணமில்லை. தாள் ஒன்று, ஆட்கள் ஐந்து. அவ்வளவுதான்.

முதல் மூன்று கிழமையும் அந்த மகனுக்கு நடப்பதே எங்களுக்கும் நடந்தது. அவரவர் தங்களுக்கு நன்றாக வருகிற கணக்கை எடுத்தார்கள். கரும்பலகையில் அழகாகச் செய்து காட்டினார்கள். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே பார்த்து எழுதினார்கள். நாலாம் கிழமை வெறும் தாளைக் கொடுத்து, "போன கிழமை மற்றவர் செய்த கணக்கு ஒன்றை இப்போது செய்யுங்கோ" என்றேன். ஐந்து பேரில் ஒருவராலும் பாதிக்கு மேல் போக முடியவில்லை. கேட்கும்போது விளங்கியது என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பொய் சொல்லவில்லை. ஒருவர் போட்டுத் தரும் படிகள் சரியென்று காண்பது ஒன்று. அடுத்த படி எது என்று தானே கண்டுபிடிப்பது வேறொன்று.

அதன்பிறகு மூன்று விடயங்களை மாற்றினோம். கணக்குகளைத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரித்தோம். விருப்பமானதை எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமையே ஐந்து கணக்கையும் எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டு போய், தன்னுடையதல்லாத ஒவ்வொன்றோடும் பத்து நிமிடமாவது மல்லுக்கட்டிவிட்டு வரவேண்டும். ஞாயிறு ஒருவர் இருபது நிமிடம் படிப்பிக்கும்போது மற்றவர்கள் கொப்பியை மூடிவைக்க வேண்டும், "ஏன்?" என்று கேட்கலாம். அந்த இருபது நிமிடமும் நான் வாய் திறக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிறு உரும்பிராயில் இருந்து வருகிற பெடியனுக்கு ஆப்புக் கணக்கு விழுந்தது. ஒப்பமான மேசையில் M திணிவுள்ள ஆப்பு. அதன் சாய்ந்த முகம் கிடையோடு α கோணம், அதுவும் ஒப்பம். அந்த முகத்தில் m திணிவுள்ள துணிக்கையை வைத்து விடுகிறோம். துணிக்கை கீழே சறுக்க, ஆப்பு மற்றப் பக்கம் நகரும். ஆப்பின் ஆர்முடுகல் F என்ன?

கெட்டிக்காரப் பெடியன். துணிக்கைக்கும் ஆப்புக்கும் இடையிலான மறுதாக்கம் R = mg cos α என்று எழுதினான். அதன் கிடைக்கூறு R sin α ஆப்பைத் தள்ளுகிறது. ஆகவே MF = mg sin α cos α. இரண்டு பக்கத்தையும் M ஆல் பிரித்து, F = mg sin α cos α / M என்று கோடும் கீறிவிட்டான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் அவள் கேட்டாள். "அந்த R எப்பிடி mg cos α ஆனது?"

"சாய்தளம் எண்டா அப்பிடித்தானே. சேர் வகுப்பில தந்தவர்."

"சரி. ஆப்பின்ர பாரத்தைக் குறைச்சுக்கொண்டு போனா? கடதாசியால செய்த ஆப்பு எண்டு வையுங்கோ. M பூச்சியத்துக்குக் கிட்டப் போனா, உங்கட F எல்லையில்லாமல் கூடுதே. ஒரு சின்னத் துணிக்கை அப்பிடித் தள்ளுமோ?"

பெடியனின் கை கரும்பலகையிலேயே நின்றுவிட்டது. மிச்ச நேரம் முழுவதும் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. விதியை மதித்து அல்ல. பிழை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் ஒரு மாதம் நிலையான சாய்தளக் கணக்குகளே செய்வித்தேன். "சாய்தளம் என்றால் R = mg cos α" என்று எழுதியும் போட்டேன். "தளம் அசையாவிட்டால்" என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டேன். நேரம் முடிந்ததும் "அடுத்த ஞாயிறு பாப்பம்" என்று மழுப்பி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. பின்னேரம் சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனேன். "எல்லாருக்கும் முன்னால பிழைச்சுப் போச்சு சேர்" என்றான். பிழை என்னுடையது என்றேன். நம்பவில்லை, ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தான். ஆகவே அதற்கடுத்த ஞாயிறு, ஐந்து பேருக்கும் முன்னால் நான் கரும்பலகைக்குப் போய், விட்டுப்போன அந்த இரண்டு சொல்லையும் எழுதினேன். பிறகு சோக்கை அவனிடம் கொடுத்துவிட்டு இருந்தேன்.

அவனே செய்தான். தளம் அசையாவிட்டால் துணிக்கைக்குத் தளத்துக்குச் செங்குத்தாக ஆர்முடுகல் இல்லை, அதனால்தான் R = mg cos α வருகிறது. இங்கே ஆப்பு விலகிப் போகிறது. துணிக்கைக்கும் அந்தத் திசையில் F sin α என்ற ஆர்முடுகல் வந்துவிடுகிறது. எனவே mg cos α − R = mF sin α. மறுதாக்கம் குறைகிறது. இதை MF = R sin α இல் இட்டால்,

F = mg sin α cos α / (M + m sin² α)

M = 2 கிலோகிராம், m = 4 கிலோகிராம், α = 30° என்று வைத்துப் பார்த்தோம். பழைய விடை சரியான விடையின் ஒன்றரை மடங்கு. பிறகு அவன் அவளைப் பார்த்து, "இப்ப உம்மட கடதாசி ஆப்பு" என்று M ஐப் பூச்சியமாக்கினான். F = g cot α. எல்லையுள்ள விடை. R ஐயும் கணித்தான், பூச்சியம் வந்தது. துணிக்கை நேரே கீழே g உடன் விழுகிறது, பாரமில்லாத ஆப்பு அதற்கு வழிவிட்டு ஓடுகிறது. விறாந்தையில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வெறும் தாளில் ஆப்புக் கணக்கை ஐந்து பேரும் முழுதாகச் செய்தார்கள். சரியாகச் செய்து காட்டிய கணக்குகளுக்கு அது ஒருநாளும் நடக்கவில்லை.

ஆகவே, பிள்ளை, உன் மகனிடம் சொல். நண்பன் படிப்பிக்க முன் அந்தக் கணக்கோடு பத்து நிமிடம் தனியே இருக்கட்டும். கேட்கும்போது கொப்பியை மூடட்டும். விடை வந்ததும் ஒரு எழுத்தைப் பூச்சியமாக்கி, அல்லது மிகப் பெரிதாக்கி, நடக்கக்கூடியதா என்று பார்க்கட்டும். ஒரு கிழமை கழித்து, தன்னுடையதல்லாத கணக்கை வெறும் தாளில் எழுதட்டும். எழுத வராவிட்டால் அது விளங்கவில்லை, தலையாட்டியது மட்டும்தான். படிப்பிக்கிறவர் பிழைத்தால் அவரை அடுத்த கிழமையும் கூப்பிடச் சொல்.

உரும்பிராய்ப் பெடியன் இதை வாசிப்பான் என்று தெரியும். தம்பி, அந்த இரண்டு சொல்லை அதன்பிறகு ஒரு வகுப்பிலும் நான் விடவில்லை.